ரயில் பெட்டிக்குள் எடுத்த படம், எந்த நாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தை வைத்து இடம் கண்டுபிடிக்கும் விளையாட்டில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சாலை, மின்கம்பம், நம்பர் பிளேட் என்று தெருவிலேயே பழகியிருப்பார்கள். ரயிலுக்குள் எடுத்த படம் வந்தால் திணறிப்போகிறார்கள். அப்படித் திணறியவர்கள் என்னிடம் கேட்டவை இவை. உலகம் முழுவதையும் இங்கே அளக்கப் போவதில்லை. ஆசியாவின் பெர்த்களும் இருக்கைகளும்தான் அதிகம் வரும், ரஷ்யப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

படம் வந்ததும் முதலில் எதைப் பார்க்கணும்? எழுத்து இருந்தா அதைப் படிச்சா போதாதா?

எழுத்து தெளிவாக இருந்தால் போதும், வேலை முடிந்தது. ஆனால் அப்படிப்பட்ட படத்தை யாரும் கேள்வியாக அனுப்புவதில்லை. வருவதெல்லாம் பாதி இருட்டில், யாரோ தூங்கிக்கொண்டிருக்க, அறிவிப்புப் பலகை மங்கலாகத் தெரியும் படங்கள்தான்.

அதனால் நான் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவேன். உட்காரும் பெட்டி என்றால் ஒரு வரிசையில் நடைவழிக்கு இந்தப் பக்கம் எத்தனை இருக்கை, அந்தப் பக்கம் எத்தனை என்று பார்ப்பேன். படுக்கும் பெட்டி என்றால் பெர்த் எத்தனை அடுக்கு, தண்டவாளத்துக்குக் குறுக்கே போட்டிருக்கிறதா, நெடுக்காகவா என்று பார்ப்பேன். ஒரு நாட்டின் ரயில் பெட்டி எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதை அந்த நாட்டுச் சுரங்கப்பாதையும் பாலமும் பிளாட்பார விளிம்பும் சேர்ந்து என்றைக்கோ முடிவு செய்துவிட்டன, அதை லேசில் மாற்ற முடியாது. இருக்கையின் துணியையும் நிறத்தையும் நாளைக்கே மாற்றிவிடலாம்.

எண்ணி முடித்ததும் ஜன்னலுக்குப் போவேன். எழுத்தைக் கடைசியில், முடிவைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன்.

ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் ரெண்டு சீட் இருந்தா அது எந்த நாடு?

ஒரே நாடு இல்லை. இந்தியாவின் சேர் கார், ஜப்பானின் ஷின்கான்சென், சீனாவின் அதிவேக ரயிலில் இரண்டாம் வகுப்பு, தைவானின் அதிவேக ரயில் எல்லாமே மூன்றும் இரண்டும்தான்.

இங்கே பலர் தண்டவாள அகலத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியாவில் 1676 மில்லிமீட்டர் பிராட்கேஜ், பெட்டி சுமார் 3.25 மீட்டர் அகலம். ஜப்பானின் ஷின்கான்சென் 1435 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடுகிறது, ஆனால் அதன் பெட்டி இந்தியப் பெட்டியைவிட அகலம், கிட்டத்தட்ட 3.38 மீட்டர். பிரிட்டனிலும் அதே 1435தான், ஆனால் அங்கே பெட்டி 2.8 மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். பழைய காலத்துச் சுரங்கங்களும் பாலங்களும் அதற்கு மேல் இடம் தருவதில்லை. அதனால் தண்டவாளத்தை விட்டுவிட்டு உள்ளே எத்தனை பேர் ஒரு வரிசையில் உட்கார முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

இந்தியாவை மற்ற மூன்றிலிருந்து பிரிப்பது சுலபம். இருக்கைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? ஜப்பானிலும் சீனாவிலும் தைவானிலும் எல்லா இருக்கையும் ஒரே திசையில் இருக்கும். கடைசி நிலையம் வந்ததும் வரிசை வரிசையாகச் சுழற்றித் திருப்பிவிடுவார்கள், அதற்காகவே இருக்கையின் அடியில் சுழலும் அமைப்பு உண்டு. நம் எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டியின் சேர் காரிலும் வந்தே பாரத்தின் சாதாரண சேர் காரிலும் இருக்கை நகராது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், நடுவில் இரண்டு வரிசை மட்டும் மேசையை வைத்துக்கொண்டு முகத்துக்கு முகம். மூன்றும் இரண்டுமாக இருக்கை, நடுவில் அந்த மேசை, இரண்டும் தெரிந்தால் தயங்காமல் இந்தியா சொல்லலாம்.

ஒரு விதிவிலக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும். இந்தோனேசியாவில் 1067 மில்லிமீட்டர் குறுகிய பாதைதான், ஆனாலும் பழைய எகனாமி பெட்டியில் மூன்றும் இரண்டுமாக 106 பேரை உட்கார வைத்தார்கள். முதுகு நேராக நிமிர்ந்த, எதிரெதிர் பெஞ்சு. முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பதே படத்தில் தெரியும்.

புல்லட் ரயில் உள்ளே எடுத்த படம். ஜப்பானா, சீனாவா, தைவானா? மூணும் ஒரே மாதிரி இருக்கே?

ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. 2007 ஜனவரியில் ஓடத் தொடங்கிய தைவான் அதிவேக ரயிலின் 700டி வண்டி ஜப்பானின் 700 வரிசையை அடிப்படையாக வைத்து ஜப்பானிலேயே கட்டியது. சீனாவின் முதல் தலைமுறை அதிவேக வண்டிகளில் ஒன்றுக்கும் ஜப்பானிய வண்டிதான் மூலம். அக்கா தங்கை முகம் ஒத்துப்போவது மாதிரிதான்.

இருக்கை எழுத்தைத் தேடுங்கள், ஜன்னலுக்கு மேலோ இருக்கை ஓரத்திலோ இருக்கும். ஜப்பானிலும் தைவானிலும் ஏ, பி, சி, அப்புறம் நடைவழி, அப்புறம் டி, இ. சீனாவில் ஏ, பி, சி, நடைவழி, டி, எஃப். இ என்ற எழுத்தே இல்லை! விமானத்தில் ஆறு இருக்கை வரிசையில் ஏயும் எஃப்பும் ஜன்னல், சியும் டியும் நடைவழி ஓரம், பியும் இயும் நடுவில் மாட்டிக்கொண்டவை. சீன ரயில் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. இருவர் அமரும் பக்கத்தில் நடு இருக்கை கிடையாது, அதனால் இ போய்விட்டது. அதே கணக்கில்தான் இரண்டும் இரண்டுமான முதல் வகுப்பில் ஏ, சி, டி, எஃப் என்று வரும். எஃப் என்று ஒரு ஸ்டிக்கர் தெரிந்தாலே நான் சீனா என்று எழுதிவிடுவேன், இதுவரை கைவிட்டதில்லை.

ஜப்பானுக்கும் தைவானுக்கும் இடையில் மட்டும் எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும். கட்டம் கட்டமான சீன எழுத்துகளுக்கு நடுவே வளைந்து நெளியும் எளிய எழுத்துகள் கலந்திருந்தால் ஜப்பான், அந்த நெளிவே இல்லாமல் எல்லாம் அடர்த்தியான கட்ட எழுத்தாக இருந்தால் தைவான். இருக்கையே இரண்டும் இரண்டுமாக இருந்து, எழுத்தில் குட்டி வட்டங்கள் தெரிந்தால் கொரியா.

(ஷின்கான்செனின் என்700 வண்டியில் மூவர் இருக்கையில் நடுவே இருக்கும் பி மற்றவற்றைவிட 20 மில்லிமீட்டர் அகலம். நடுவில் மாட்டியவருக்கு ஒரு ஆறுதல். படத்தில் இதை அளக்க முடியாது, தெரிந்துகொள்ளுங்கள் என்று சொன்னேன்.)

ஜன்னல்ல குறுக்குக் கம்பி இருந்தா இந்தியாதானே?

பெரும்பாலும் ஆமாம். ஏசி இல்லாத இந்தியப் பெட்டியில் ஜன்னலுக்குக் குறுக்கே படுக்கைவாட்டில் இரும்புக் கம்பிகள் போட்டிருக்கும். வெளியிலிருந்து கைவிட்டுப் பையைப் பிடுங்குவதையும் ஜன்னல் வழியாக ஏறி இடம் பிடிப்பதையும் தடுக்க. கம்பிக்கு உள்பக்கம் மேலே தூக்கிவிடும் இரண்டு ஷட்டர், ஒன்று கண்ணாடி, ஒன்று காற்று புகச் சாய்வான பட்டைகள் வைத்த உலோகக் கதவு. இந்த ஜோடியைக் கம்பியோடு சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். மேலே கூண்டு போட்ட மின்விசிறியும் நீல ரெக்சினும் கூடத் தெரியும்.

ஆனால் கம்பி இல்லை என்பதை வைத்து இந்தியா இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் சில ஜன்னல்கள் அவசர வழிக்கானவை, அவற்றின் கம்பிச் சட்டம் மொத்தமாகத் திறக்கும். படம் எடுப்பவர்கள் அந்த ஜன்னலைத்தான் தேடிப்போய் உட்காருகிறார்கள், நானும் அப்படித்தான்.

கம்பிக்குப் பதில் வலை தெரிந்தால் வேறு கதை. வியட்நாமின் பழைய பெட்டிகளில் ஜன்னலுக்கு வெளியே இரும்பு வலை இருக்கும், வெளியிலிருந்து எறியும் கல் உள்ளே வராமலிருக்க. மரப்பட்டை இருக்கையும் அந்த வலையும் சேர்ந்து வந்தால் வியட்நாம் என்று சொல்வேன்.

கம்பியும் இல்ல, வலையும் இல்ல, கதவுல கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்காங்க. இலங்கையா?

வெளியே தேயிலைத் தோட்டமும் இருந்தால் எல்லாருமே இலங்கை என்றுதான் சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். நீலகிரி மலை ரயிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது மீட்டர்கேஜ், பெட்டி சின்னது, உள்ளே பார்த்தாலே நெருக்கம் தெரியும். இலங்கையில் ஓடுவது நம்முடைய அதே 1676 பிராட்கேஜ், பெட்டி விசாலமாக இருக்கும். ஜன்னல் அகலமாகத் திறக்கும், தலையையும் கையையும் முழுதாக வெளியே நீட்டி எடுத்த படங்கள் அத்தனையும் இதனால்தான்.

சிக்கல் எங்கே வரும் என்றால், இலங்கையில் ஓடும் பெட்டிகளில் ஒரு பங்கு நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை கட்டி அனுப்பியவை. இன்னொரு பங்கு சீனாவில் கட்டியவை. அதற்கும் முன்னால் ருமேனியாவிலிருந்து வந்தவையும் உண்டு. அதனால் பெட்டியின் ஓரத்தில் பதித்த தகட்டில் சென்னை என்று பார்த்துவிட்டு இந்தியா என்று சொல்லிவிடாதீர்கள். கட்டிய ஊர் வேறு, ஓடும் ஊர் வேறு. அறிவிப்பு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்றில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் தெரிந்ததும் தமிழ்நாடு என்று அவசரப்படுவது நம் ஆட்கள் மட்டுமே செய்யும் தப்பு, பக்கத்தில் உருண்டை உருண்டையாகச் சிங்களம் இருக்கும், அதைக் கண் பார்க்காது.

சைடு பெர்த் இருந்தாலே இந்தியான்னு சொல்லிடலாமா?

கூடாது! நான் அதிகம் பேர் விழுந்து பார்த்த குழி இதுதான்.

சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த நாடுகள் பலவற்றில் பிளாட்ஸ்கார்ட் என்ற வகுப்பு ஓடுகிறது. நம் ஸ்லீப்பர் மாதிரியே கதவில்லாத திறந்த பெட்டி. ஒரு பக்கம் குறுக்கே பெர்த், நடைவழி, மறுபக்கம் நெடுக்காகச் சைடு பெர்த். சட்டென்று பார்த்தால் நம் வண்டியேதான். வித்தியாசம் அடுக்கில் இருக்கிறது. நம்முடையதில் குறுக்கே லோயர், மிடில், அப்பர் என்று மூன்று அடுக்கு. அவர்களுடையதில் ஆள் படுப்பது இரண்டே அடுக்கு, மூன்றாவதாக மேலே தெரிவது சாமானும் சுருட்டிய மெத்தையும் வைக்கும் பரண். அதில் மெத்தைச் சுருள் உட்கார்ந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஒரு தடுப்பில் நமக்கு 6 பெர்த்தும் சைடில் 2ம் சேர்ந்து 8, அவர்களுக்கு 4ம் 2ம் சேர்ந்து 6. ஒன்பது தடுப்பு, மொத்தம் 54. நம் பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பரிலும் ஒன்பது தடுப்புதான், ஆனால் 72. எல்.எச்.பி. பெட்டியில் பத்து தடுப்பு, 80.

அவர்கள் பெட்டி நம்முடையதைவிடக் கொஞ்சம் ஒடுக்கம், 3.1 மீட்டர் அளவு. அதனால் உயரமானவரின் கால் குறுக்குப் பெர்த்திலிருந்து நடைவழிக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதேபோல் சைடு லோயர். நம்மிடம் இரண்டு இருக்கையும் மடிந்து பெர்த் ஆகிறது, அவர்களிடம் நடுவில் இருக்கும் மேசையைத் திருப்பிப்போட்டால் அதுவே பெர்த்தின் நடுப்பகுதி. சைடில் நடுவில் மேசையோடு இருவர் எதிரெதிரே டீ குடிக்கும் படம் வந்தால் அது நம் ஊர் இல்லை.

பெர்த் எண் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். நம் ஸ்லீப்பரில் எண் தடுப்பு தடுப்பாகப் போகும், 1 முதல் 6 குறுக்கே, 7 சைடு லோயர், 8 சைடு அப்பர், அடுத்த தடுப்பு 9லிருந்து. அவர்கள் குறுக்குப் பெர்த்துகளை 1லிருந்து 36 வரை போய், பெட்டிக் கடைசியில் திரும்பிச் சைடு பக்கமாக 37லிருந்து 54 வரை எண்ணிக்கொண்டே வருகிறார்கள். அதனால் 1 முதல் 4 வரை உள்ள தடுப்புக்கு எதிர்ச் சைடில் 53, 54 இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இவ்வளவு தள்ளிய எண்கள் தெரிந்தால் அது பிளாட்ஸ்கார்ட்.

சைடிலும் மூன்று அடுக்கு இருந்தால்? அது கரீப் ரத் ரயிலின் பழைய பெட்டி, ஆகவே இந்தியா. அதில் படுத்தவர்களுக்கு என் அனுதாபம்.

மூணு அடுக்கு இருக்கு, ஆனா சைடு பெர்த் இல்ல. நடைவழி ஜன்னல் ஓரமா போகுது.

சீனாவின் கடின படுக்கை வகுப்பு. சைடு பெர்த் இருக்கவேண்டிய இடத்தில் சுவரோடு மடங்கும் குட்டி இருக்கையும் கையகல மேசையும் இருக்கும், அதில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறவர் படத்தில் கட்டாயம் இருப்பார். ஒரு பெட்டியில் 11 தடுப்பு, 66 படுக்கை. ஆனால் எண் 22 வரைதான் போகும், ஏனென்றால் ஒரே எண்ணின் கீழ் மேல், நடு, கீழ் என்று மூன்று படுக்கை. தடுப்புக்குக் கதவு கிடையாது. அதே மூன்று அடுக்குக்குக் கதவோடு தனி அறையாக இருந்தால் வியட்நாம் பக்கம் யோசியுங்கள்.

ரெண்டு பக்கமும் திரை தொங்குது, நடுவுல வழி, பெர்த் எல்லாம் நெடுக்காவே இருக்கு?

தாய்லாந்து. பகலில் எதிரெதிரே உட்காரும் இரண்டு இருக்கை இரவில் கீழ்ப் படுக்கை ஆகும், மேல் படுக்கை சுவரிலிருந்து இறங்கும். குறுக்குப் பெர்த்தே இருக்காது, மீட்டர்கேஜ் பெட்டிக்கு இந்த அமைப்பு வசதி. ஜன்னல் கீழ்ப் படுக்கைக்காரருக்குத்தான். மலேசியாவிலும் இதே வடிவம் நெடுநாள் ஓடியது, அதனால் பழைய படம் என்றால் எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தாய் எழுத்து தெரியாமல் ரோமன் எழுத்தில் மலாய் இருந்தால் விடை மாறும்.

ஒரே ஒரு படத்தை எடுத்து நீங்க எப்படி யோசிச்சீங்கன்னு சொல்லுங்களேன்?

சரி, நான் தோற்ற படத்தையே சொல்கிறேன்.

இரவில் எடுத்தது. நடைவழி நடுவில் நின்று எடுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் குறுக்குப் பெர்த், வலப்பக்கம் நெடுக்கே சைடு பெர்த். மேல் பரணில் மெத்தைச் சுருள், ஆள் இல்லை. இரண்டே அடுக்கு, ஆகவே இந்தியா கழிந்தது. இடப்பக்கம் ஒரு தகட்டில் 33, நேர் எதிரே 37. அவர்கள் எண்ணும் முறைக்குச் சரியாகப் பொருந்துகிறது, 33 முதல் 36 வரைதான் கடைசித் தடுப்பு, எதிரே 37, 38. மேசையில் உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளர், ரஷ்யப் பெட்டிகளில் டீ தரும் அதே வகை. ரஷ்யா என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டேன்.

விடை உக்ரைன். பெட்டி, எண், டம்ளர் எல்லாம் சோவியத் காலத்திலிருந்து பல நாடுகளுக்குப் பொதுச்சொத்து, அவை "பிளாட்ஸ்கார்ட்" என்றுதான் சொன்னன, நாட்டைச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் கதவுக்கு மேல் மங்கலான பலகையில் ஆங்கில சின்ன ஐ போன்ற எழுத்து, தலையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. அது உக்ரைன் மொழியில் உண்டு, ரஷ்ய மொழியில் கிடையாது. ஆங்கில ஒய் போன்ற எழுத்தின் தலையில் கிண்ணம் போல ஒரு வளைவு இருந்திருந்தால் பெலாரஸ். பெட்டி வகையைப் பிடித்த சந்தோஷத்தில் பலகையைப் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை.

உள்ளே எல்லாம் ஜப்பான் எழுத்து, ஆனா பயணிகள் தலையில முக்காடு, வெளியே தென்னை மரம். இது என்ன?

ஜகார்த்தா புறநகர் ரயிலாக இருக்கலாம். டோக்கியோவில் ஓடி முடித்த 205 வரிசை வண்டிகளை இந்தோனேசியா மொத்தமாக வாங்கி ஓட்டியது. சுவரோரம் நீள பெஞ்சு, மேலே வளையப் பிடிகள், ஜப்பானிய எழுத்தில் சில தகடுகள் அப்படியே. புதிதாக ஒட்டிய ஸ்டிக்கரைத் தேடுங்கள், அது இந்தோனேசிய மொழியில் இருக்கும். மியான்மரின் யாங்கூன் வட்டப்பாதையிலும் பழைய ஜப்பானிய டீசல் வண்டிகள் ஓடியிருக்கின்றன, அங்கே ஸ்டிக்கரில் வட்ட வட்டமான பர்மிய எழுத்து. பொதுவாகவே, உலோகத் தகட்டில் இருப்பது கட்டிய நாடு, ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பது ஓடும் நாடு.

எண்ணிப் பார்த்தும் தப்பாகுதே, ஏன்?

இரண்டு காரணம் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, முன்பக்க கேமராவில் எடுத்த செல்பி சில போன்களில் கண்ணாடிபோல் இடவலம் மாறிச் சேமிக்கப்படும். மூவர் இருக்கை எந்தக் கை பக்கம் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், எழுத்து ஏதாவது திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு, அகலக் கோணத்தில் எடுத்தால் ஒடுங்கிய மீட்டர்கேஜ் பெட்டியும் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். கண்ணால் அகலத்தை மதிப்பிடாமல் தலை சாய்க்கும் மெத்தைகளை ஒன்று இரண்டு என்று எண்ணுங்கள். முன்வரிசையை ஆள் மறைத்தால் பின்வரிசையில், அதையும் மறைத்தால் மேலே சாமான் தட்டுக்குக் கீழ் வரிசையாக இருக்கும் இருக்கை எண்களில்.